ஸ்டோர் ரூமுக்குள் ட்ரையர்: வென்டட், கன்டென்சர், ஹீட் பம்ப்

"வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி ஃபிளட். பல்கனியில் உடுப்புக் காயப்போட அனுமதி இல்லை. நாங்கள் நாலு பேர், கிழமைக்கு நாலு தடவை தோய்ப்போம். கடையில் வென்டட், கன்டென்சர், ஹீட் பம்ப் என்று மூன்று வகை காட்டினார்கள். ஹீட் பம்ப் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரண்ட் பில்லில் அந்தக் காசு திரும்பி வருமா? கொழும்பு ஈரக்காற்றில் இவை ஒழுங்காகக் காயவைக்குமா? வைக்க இருப்பது ஸ்டோர் ரூம் மட்டும்தான்."

நீங்கள் கடைசியாகப் போட்ட அந்த ஒரு வரிதான் உங்கள் விஷயத்தில் பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. ஏசி, ஃபிரிட்ஜ், வோஷிங் மெஷின் திருத்துகிற தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். ட்ரையர் காயவைக்கவில்லை என்று கூப்பிடுகிற பல வீடுகளில் மெஷினில் ஒரு பழுதும் இருக்காது, அதை வைத்த இடம்தான் பிழையாக இருக்கும். ஆனால் காசுக் கணக்கு தெரியாமல் இடத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அதனால் முதலில் கணக்கு.

ட்ரையருக்குள் போகிற உடுப்பின் எடையை விட அதிலிருக்கும் தண்ணீரின் எடைதான் செலவைத் தீர்மானிக்கிறது. நாலு பேர் வீட்டில் ஒரு தடவைக்கு உலர்ந்த எடையில் 5 கிலோ பருத்தி உடுப்பு என்று வையுங்கள். வோஷிங் மெஷின் 1000 சுற்றில் பிழிந்தால், உடுப்பின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர் மிஞ்சும். அதாவது 3 லீட்டர். ஒரு லீட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.65 யூனிட் அளவு வெப்பம் வேண்டும். இது இயற்கை விதி, எந்தக் கம்பனியின் மெஷினாக இருந்தாலும் இந்த வெப்பத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். இரும்பை, துணியை, காற்றைச் சூடாக்குவதில் வீணாவதையும் சேர்த்தால், ஹீட்டர் வைத்த மெஷினில் லீட்டருக்கு ஏறக்குறைய 1 யூனிட் போகும்.

வென்டட் மெஷின் அறைக் காற்றை உள்ளே இழுத்து, 2 கிலோவாட் அல்லது அதற்குச் சற்று மேலான ஹீட்டரால் சுடவைத்து, டிரம்முக்குள் ஊதி, ஈரமான சூட்டுக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். கன்டென்சர் மெஷினிலும் அதே மாதிரி ஹீட்டர்தான். ஆனால் அது காற்றை வெளியே விடாது. உள்ளே சுற்றுகிற ஈரக்காற்றை அறைக் காற்றால் குளிரவைத்துத் தண்ணீரை வடித்து ஒரு தொட்டியில் சேர்க்கும். இப்படிக் குளிரவைக்கும்போது எடுக்கிற வெப்பம் முழுவதும் அறைக்குள் போகிறது. ஹீட் பம்பில் ஹீட்டருக்குப் பதிலாக ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கொம்பிரசர் இருக்கிறது. அதன் குளிர்ப் பக்கம் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரை வடிக்கும். நீராவி தண்ணீராக மாறும்போது விடுகிற வெப்பத்தைப் பிடித்து, சூட்டுப் பக்கம் அதே காற்றுக்குத் திரும்பக் கொடுக்கும். ஒரே வெப்பம் திரும்பத் திரும்ப வேலை செய்வதால்தான் லீட்டருக்கு 0.4 யூனிட் போல முடிகிறது.

ஆகவே உங்கள் 3 லீட்டருக்கு வென்டட் 3 யூனிட், கன்டென்சர் 3.3 யூனிட், ஹீட் பம்ப் 1.3 யூனிட் என்று எடுத்துக்கொள்ளலாம். இவை சராசரிக் கணக்கு. தடித்த துவாய்கள் நிறைய இருந்தால் கூடும், பொலியெஸ்டர் அதிகமாக இருந்தால் குறையும். ஆனால் ஹீட்டர் மெஷினுக்கும் ஹீட் பம்புக்கும் நடுவில் இருக்கிற இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் எந்த வீட்டிலும் மாறாது.

இனி ரூபாய்க்கு வருவோம். இங்கேதான் பலர் பிழையாகக் கணக்குப் போடுகிறார்கள். மாத பில்லை யூனிட்டால் பிரித்து வருகிற சராசரி விலையை எடுத்துவிடுகிறார்கள். வீட்டு மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ட்ரையர் என்பது ஏற்கெனவே ஓடுகிற ஃபிரிட்ஜ், ஏசி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் மேலே வந்து ஏறுகிற சுமை. அதனால் அதற்கு நீங்கள் கொடுப்பது உங்கள் பில்லின் கடைசிப் படியின் விலை. மாதம் 180 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு அதுதான் மிக உயர்ந்த படி. கணக்குக்காக யூனிட் 60 ரூபாய் என்று வைக்கிறேன். கட்டணம் அடிக்கடி திருத்தப்படுவதால், உங்கள் பில்லில் கடைசி வரியில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுப் பாருங்கள்.

60 ரூபாய்ப்படி ஒரு தடவைக்கு வென்டட் 180 ரூபாய், கன்டென்சர் 200 ரூபாய் போல, ஹீட் பம்ப் 80 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கிழமைக்கு நாலு தடவை என்றால் மாதம் பதினேழு தடவை வரும். வென்டட்டுக்கும் ஹீட் பம்புக்கும் மாதத்துக்கு 1,700 ரூபாய் அளவில் வித்தியாசம், வருடத்துக்கு 20,000 ரூபாய்க்குச் சற்று மேலே. கடை விலையில் வித்தியாசம் 1 லட்சம் என்றால் அது ஐந்து வருடத்துக்குள் திரும்பும். கிழமைக்கு இரண்டு தடவை மட்டும் போடுகிற வீட்டுக்குப் பத்து வருடம் ஆகும். அந்த வீட்டுக்காரருக்குக் காசை மட்டும் வைத்து ஹீட் பம்பை நான் சொல்லமாட்டேன்.

ஏசி குறைவாகப் போடுகிற வீடுகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மாதம் 150 யூனிட் ஓடுகிற வீடு என்று வையுங்கள். ஹீட் பம்ப் மாதத்துக்கு 22 யூனிட் சேர்க்கும், 172 ஆகும், 180க்குள் நிற்கலாம். வென்டட் 51 யூனிட் சேர்த்து 201க்குக் கொண்டுபோகும். அப்போது தாண்டிய யூனிட்டுகள் உயர்ந்த படியில் விழுவதோடு, மாதாந்த நிலையான கட்டணமும் மேல் படிக்குத் தாவிவிடும். படியின் ஓரத்தில் நிற்கிற வீட்டுக்கு ஹீட் பம்பின் இலாபம் சாதாரணக் கணக்கு காட்டுவதை விடக் கூட. உங்கள் கடைசி ஆறு மாத பில்களை எடுத்து, எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற மீட்டர் வைத்திருப்பவர்கள் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எந்த ட்ரையரையும் தொடக் கூடாது. படுக்கப் போகும்போது தொடங்கினால் ஹீட் பம்ப் மூன்று மணி நேரம் எடுப்பதும் தெரியாது.

கடையில் லேபிளைப் பார்த்து ஒப்பிடும்போது எழுத்துகளை நம்பாதீர்கள். ஐரோப்பாவில் 2025 ஜூலை 1 முதல் ட்ரையர் விதிகள் மாறிவிட்டன. புதிய அளவுகோலுக்குள் வருவது நடைமுறையில் ஹீட் பம்ப் மட்டும்தான். பழைய A+++ முதல் D வரையிலான லேபிள் போய், A முதல் G வரை வந்திருக்கிறது. அதனால் பழைய லேபிளில் A++ என்று பெருமையாக நின்ற மெஷின் புதியதில் நடுவில் எங்கேயோ இருக்கலாம். இலங்கைக் கடைகளில் பழைய இருப்பும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், ஆகவே எண்ணைப் பாருங்கள். பழைய லேபிளில் இருப்பது வருடத்துக்கு 160 தடவைக்கான யூனிட். 8 கிலோ ஹீட் பம்பில் 235 போலவும், அதே அளவு சாதாரணக் கன்டென்சரில் 560 போலவும் காணலாம். புதிய லேபிளில் இருப்பது 100 தடவைக்கான யூனிட். இரண்டையும் ஒரு தடவைக்கு என்று மாற்றிவிட்டால் ஏமாற இடமில்லை.

ஈரக்காற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். வென்டட் மெஷினுக்குக் கொழும்பு ஈரம் பெரிய தடை இல்லை. நம் காற்றில் ஈரம் கூடத்தான், ஆனால் அது 30 பாகைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே சூடாக இருக்கிறது. குளிர்நாட்டில் 10 பாகைக் காற்றைச் சுடவைப்பதை விட இங்கே ஹீட்டருக்கு வேலை குறைவு. அது 70 பாகைக்குப் போனதும் ஒப்பீட்டு ஈரப்பதம் மிகக் குறைந்துவிடும், மே மாத மழையிலும் உடுப்பு மொறுமொறு என்று காயும். கன்டென்சரும் ஹீட் பம்பும் தங்கள் காற்றை உள்ளேயே சுற்றவிடுவதால் வெளி ஈரம் அவற்றைத் தொடுவது இன்னும் குறைவு. அவற்றுக்கு எதிரி வெப்பம். பெரும்பாலான கையேடுகளில் அறை வெப்பநிலை 5 முதல் 35 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். நம்மூரில் அந்த 35 தான் பிரச்சினை.

உங்கள் ஸ்டோர் ரூமுக்கு இப்போது வருவோம். கன்டென்சர் மெஷின் எடுக்கிற 3.3 யூனிட்டும் கடைசியில் வெப்பமாக அந்த அறைக்குள்தான் இறங்கும். கதவைச் சாத்திவைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அறை 40 பாகையைத் தாண்டிப் போகும். அந்த மெஷின் தண்ணீரை வடிப்பதே அறைக் காற்றின் குளிர்ச்சியால். அறைக் காற்றே கொதித்தால் தண்ணீர் வடியாது, நீராவி உள்ளேயே சுற்றும், நேரம் நீளும், ஹீட்டர் இன்னும் ஓடும், அறை இன்னும் சூடாகும். பிறகு பாதுகாப்பு சுவிட்ச் வெட்டும். இந்த வீடுகளிலிருந்துதான் உடுப்புச் சூடாக இருக்கிறது ஆனால் காயவில்லை என்று அழைப்பு வரும். ஹீட் பம்பும் வெப்பம் விடும், ஆனால் 1.3 யூனிட் அளவுதான், அதுவும் கூடுதல் நேரத்தில் பரவலாக. அறை வாசல் திறந்திருந்தால் அது சமாளிக்கும். இறுக்கிச் சாத்தினால் அதுவும் தடுமாறும், கொம்பிரசர் நின்று நின்று ஓடும். ஆகவே எதை வாங்கினாலும் அந்தக் கதவில் மேலும் கீழும் காற்றுப் போகிற துளைகள் போடுங்கள், அல்லது ட்ரையர் ஓடும்போது கதவைத் திறந்துவையுங்கள்.

கதவைத் திறந்தால் வெப்பம் ஹோலுக்கு வரும். ஹோலில் ஏசி ஓடினால் அந்த வெப்பத்தை ஏசி வெளியேற்ற வேண்டும். 3 யூனிட் வெப்பத்தைத் தள்ள நல்ல ஏசிக்கு 1 யூனிட் போல ஆகும். கன்டென்சரின் உண்மையான செலவு லேபிளில் இருப்பதற்கு மேலே இன்னும் மூன்றில் ஒரு பங்கு. ஹீட் பம்போடு பார்க்கும்போது ஒவ்வொரு தடவைக்கும் இந்த வழியில் மட்டும் 40 ரூபாய் வித்தியாசம் சேரும். என் கருத்தில், சாதாரணக் கன்டென்சர் கொழும்பு ஃபிளட்டுக்கு வாங்கக் கூடாத மெஷின். வென்டட்டின் மலிவும் அதில் இல்லை, ஹீட் பம்பின் சிக்கனமும் இல்லை. குளிர்நாட்டு வீட்டில் அந்தச் சூடு குளிர்காலத்தில் உதவுகிறது. நமக்கு அது தொல்லை மட்டும்.

வென்டட்டின் சிக்கல் வேறு. அது மணிக்கு 150, 200 கன மீற்றர் காற்றை வெளியே தள்ளும். அத்தனை காற்றும் வீட்டுக்குள்ளிருந்து போகும், அந்த இடத்துக்கு யன்னல் இடுக்குகள் வழியாக வெளியிலிருந்து ஈரக்காற்று நுழையும். ஏசி போட்ட ஃபிளட்டில் இது ஒன்றரைக் கிலோவாட் அளவு கூடுதல் வெப்பச் சுமை. அதை விட மோசமானது, குழாய் போடாமல் அறைக்குள்ளேயே ஊதவிடுவது. இதைப் பலர் செய்கிறார்கள். 3 லீட்டர் தண்ணீர் நீராவியாகி அலமாரிக்குள்ளும் சுவரிலும் போய் உட்காரும். சில மாதத்தில் பட்டுச் சேலையில் பூஞ்சணம், தோல் செருப்பில் வெள்ளைப் படிவு. உங்கள் ஸ்டோர் ரூமில் வெளிச்சுவர் இருந்து, துளை போட முகாமைத்துவம் எழுத்தில் அனுமதி தந்தால் மட்டும் வென்டட்டைப் பற்றி யோசியுங்கள். குழாய் 10 சென்ரிமீற்றர் விட்டத்தில், வளைவு குறைவாக, உள்ளே வழவழப்பான உலோகமாக இருக்க வேண்டும். நெளிநெளியான பிளாஸ்டிக் குழாயில் பஞ்சு தங்கும். சூடான பஞ்சு தீப்பிடிக்கக் கூடிய பொருள்.

ஆனால் வென்டட்டை நான் ஒதுக்கவில்லை. தெஹிவளையிலோ நுகேகொடையிலோ பின்முற்றத்தில் கூரை போட்ட திறந்த இடம் இருக்கிற வீடு, மழைக்காலத்தில் மட்டும் பள்ளிக்கூடச் சீருடை காயவைக்கிற தேவை என்றால் அதுதான் சரியான மெஷின். உள்ளே இருப்பது ஹீட்டர், வெப்பக் கட்டுப்பாடு, பெல்ட், ஃபியூஸ், மோட்டர். எந்தத் திருத்துநரும் திருத்துவார். ஹீட் பம்பில் வாயுச் சுற்று கசிந்தால் அப்படி இல்லை. புதியவற்றில் பெரும்பாலும் புரோப்பேன் வாயு, அது எரியக் கூடியது, தெரிந்த ஆள்தான் தொட வேண்டும். வாங்குவதற்கு முன் கடையிலேயே கேளுங்கள்: கொம்பிரசருக்கு எத்தனை வருட உத்தரவாதம், அது உதிரிப்பாகத்துக்கு மட்டுமா கூலிக்கும் சேர்த்தா, திருத்தம் இங்கேயே செய்வார்களா. பதில் மழுப்பலாக இருந்தால் முன்பு போட்ட ஐந்து வருடக் கணக்கை நம்பவேண்டாம். ஏனென்றால் நாலாம் வருடத்தில் வருகிற ஒரு கொம்பிரசர் பழுது சேமித்த அத்தனையையும் விழுங்கிவிடும்.

ஹீட் பம்பில் அடிக்கடி வருகிற கோளாறு கொம்பிரசர் அல்ல, பஞ்சுதான். கதவில் இருக்கிற வடிகட்டியை எல்லோரும் துடைப்பார்கள். அதைத் தாண்டிப் போகிற நுண்பஞ்சு குளிர்ப் பக்கத்தின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் ஈரத்தோடு ஒட்டி, நாளடைவில் களிபோல் படியும். காற்றோட்டம் குறையும், நேரம் நீளும், யூனிட் ஏறும். சில மெஷின்களில் கீழே சின்னக் கதவைத் திறந்து இரண்டாவது வடிகட்டியை நீங்களே கழுவலாம், தகடுகளும் தெரியும். சிலவற்றில் வடித்த தண்ணீரையே தெளித்துத் தானாகக் கழுவிக்கொள்ளும், ஆனால் பக்கச் சட்டத்தைக் கழற்றாமல் உள்ளே பார்க்க முடியாது. எனக்கு முதல் வகைதான் பிடிக்கும், கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்ய முடிகிற பொருள் நம்மூரில் நீடிக்கும். உங்கள் கட்டடம் கடற்கரைப் பக்கம் என்றால் மெஷினை மறந்தும் பல்கனிக்குக் கொண்டுபோக வேண்டாம். உப்புக் காற்று அந்தத் தகடுகளையும் மின்தட்டையும் அரிக்கும். அங்கே ஏசியின் வெளி யூனிட்டுகள் படுகிற பாட்டைப் பார்த்திருப்பீர்கள்.

மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிழிந்த உடுப்பை ஒரு கூடையில் வைத்து எடைபோடுங்கள். காய்ந்த பிறகு திரும்ப எடைபோடுங்கள். குறைந்த எடைதான் போன தண்ணீர். தொட்டியில் சேர்ந்த தண்ணீரையும் அளந்து பாருங்கள். 3 கிலோ குறைந்து, தொட்டியில் இரண்டே முக்கால் லீட்டர் இருந்தால் நல்ல மெஷின். ஒன்றரை லீட்டர்தான் இருந்தால் மீதி நீராவியாக உங்கள் வீட்டுக்குள் கசிகிறது: கதவு ரப்பர், வடிகட்டி மூடி, அல்லது படிந்த பஞ்சு. வாங்கிய முதல் மாதத்தில் இந்த எண்ணை எழுதிவைத்தால் பிறகு ஒப்பிட வசதி. நேரம் நீளாமல் சீக்கிரமே நின்று உடுப்பு ஈரமாக இருந்தால் அது வேறு கோளாறு. டிரம்முக்குள் தெரிகிற இரண்டு உலோகப் பட்டைகள்தான் ஈரத்தை உணர்பவை. துணி மென்மையாக்கி அதன்மேல் படலமாகப் படிந்தால் கணக்குத் தவறும். கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடைத்தால் சரியாகிவிடும்.

செலவைக் குறைக்க இன்னொரு மலிவான வழி உங்கள் வோஷிங் மெஷினிலேயே இருக்கிறது. மேலே திறக்கிற வகையில் 700 சுற்றுப் பிழிதல்தான் என்றால் மூன்றரை லீட்டருக்கு மேல் தண்ணீர் மிஞ்சும். முன்பக்கம் திறக்கிற மெஷினில் 1400 வைத்தால் இரண்டரை லீட்டர் பக்கம் வரும். அந்த ஒரு லீட்டருக்குப் பிழிதல் எடுக்கிற கரண்ட் ட்ரையர் எடுப்பதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. வென்டட் வாங்கினால் இது தடவைக்கு 60 ரூபாய், ஹீட் பம்ப் வாங்கினால் 25 ரூபாய் அளவு.

ஆகவே கிழமைக்கு நாலு தடவை, ஸ்டோர் ரூம், பல்கனி தடை என்ற உங்கள் நிலையில் நான் ஹீட் பம்பைத்தான் வாங்குவேன், 7 அல்லது 8 கிலோ, இரண்டாவது வடிகட்டியைக் கழற்ற முடிகிற வகை. ஸ்டோர் ரூமில் தண்ணீர்க் குழாய் வடிகால் இருந்தால் தொட்டியைத் தூக்கி ஊற்றாமல் நேரே குழாயில் விடலாம், பெரும்பாலான மெஷின்களில் அதற்கு இணைப்பு இருக்கும். கொண்டுவரும்போது சாய்த்திருந்தால் நிமிர்த்தி வைத்து, கையேட்டில் சொன்ன மணி நேரம் விட்டுத்தான் போடுங்கள், கொம்பிரசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும். பிளக் பொயின்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட் பம்ப் ஒரு கிலோவாட்டுக்குள் நிற்கும், கட்டடத்து ஜெனரேட்டரில்கூட ஓடலாம். வென்டட்டோ கன்டென்சரோ வாங்க முடிவுசெய்தால் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் 10 அம்பியர் இழுக்கும். பழைய கட்டடங்களில் இருக்கிற 5 அம்பியர் உருண்டைப் பொயின்டில் அடப்டர் செருகி அதை ஓட்டக் கூடாது. தனி வயர் இழுத்து 13 அம்பியர் பொயின்ட் போட்டு, முதல் நாள் அரை மணி நேரம் ஓடிய பிறகு மெஷினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் மின்பணியாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் அடுத்த தடவை.